விமான நிலையத்துக்குள்ளேயே இருந்தாலும் விசா வேண்டுமா?

விமானப் பயணத்துக்காகத் தேடும்போது விலை வரிசையில் முதலில் வந்து நிற்பது, பெரும்பாலும் இரண்டு இடங்களில் விமானம் மாற வேண்டிய பயணமாகத்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் மென்பொருள் இருக்கைகள் மீதம் உள்ளனவா என்று பார்க்கிறது. ஒரு விமானம் இறங்குவதற்கும் அடுத்தது கிளம்புவதற்கும் இடையில் போதுமான நேரம் இருக்கிறதா என்று பார்க்கிறது. கட்டணங்களைக் கூட்டிக் காட்டுகிறது. தேடுகிறவரின் கையில் இருப்பது எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று அது அந்த நேரத்தில் கேட்பதில்லை. அந்த விவரம் பெயரும் பிறந்த தேதியும் நிரப்பும் பக்கத்தில் கேட்கப்படலாம். சில சமயம் பணம் கட்டி முடித்த பிறகுதான் கேட்கப்படுகிறது. அப்போதும்கூட, இடையில் உள்ள நாடு உங்களை ஏற்குமா என்று யாரும் சரிபார்ப்பதாக எண்ண வேண்டியதில்லை. தேவையான ஆவணங்களைக் கவனித்துக்கொள்வது பயணியின் பொறுப்பு என்ற வரி நிபந்தனைகளுக்குள் எங்கோ இருக்கும். ஆகவே ஒரு பயணச்சீட்டை வாங்க முடிகிறது என்பதாலேயே அந்தப் பயணத்தைச் செய்ய முடியும் என்று ஆகிவிடாது.

என் நண்பர்களும் உறவினர்களும் சீட்டு எடுப்பதற்கு முன் அந்தத் திரையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பும் வழக்கம் சில ஆண்டுகளாக இருந்து வருகிறது. கூடவே வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இந்த ஏர்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா வேண்டுமா?" அந்தக் கேள்விக்கு அப்படியே பதில் சொல்ல முடியாது. ஒரே நாளில், ஒரே விமான நிலையத்தில், ஒரே கடவுச்சீட்டு வைத்திருக்கும் இருவரில் ஒருவருக்கு விசா தேவைப்படலாம், மற்றவருக்குத் தேவைப்படாமல் போகலாம். கேட்க வேண்டியவை உண்மையில் இரண்டு கேள்விகள். அவற்றின் வரிசையும் முக்கியமானது. முதலாவது, விமானம் மாறும் இடத்தில் நான் குடிவரவுச் சோதனையைக் கடந்தாக வேண்டுமா? கடந்தாக வேண்டும் என்றால் நான் அந்த நாட்டுக்குள் நுழைகிறேன், எனவே நுழைவதற்கு உரிய அனுமதி எனக்கு வேண்டும். கடக்க வேண்டியதில்லை என்றால்தான் இரண்டாவது கேள்வி எழுகிறது: சோதனைக்கு இப்பால், பயணிகள் விமானம் மாறும் பகுதிக்குள் உட்கார்ந்திருப்பதற்குக்கூட என் கடவுச்சீட்டுக்கு அந்த நாடு தனி அனுமதி கேட்கிறதா? விசா தேவையா என்று பார்த்துக்கொள்ள பிரிட்டிஷ் அரசு வைத்திருக்கும் இணையப் பக்கத்தில் பயண நோக்கமாக விமான மாற்றத்தைத் தேர்ந்தெடுத்தால், எல்லைச் சோதனையைக் கடப்பீர்களா என்றுதான் அது கேட்கிறது. அங்கே இரண்டுக்கும் தனித்தனி விசாக்கள் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றாக ஆகாது.

இந்த இரண்டு கேள்விகளும் எப்படி வேலை செய்கின்றன என்பதை ஒரே ஒரு பயணத்தை வைத்துச் சொல்கிறேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும், இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் பெருவின் தலைநகர் லிமாவுக்குப் போக வேண்டியிருந்தது. பெருவுக்குள் நுழைவதற்கான விசா அவரிடம் ஏற்கெனவே இருந்தது. இது தவிர, முன்பு அலுவலக வேலையாகப் போனபோது எடுத்த அமெரிக்க விசா ஒன்றும் காலாவதியாகாமல் இருந்தது. அவர் அனுப்பிய படத்தில் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, ஆம்ஸ்டர்டாமில் மட்டும் விமானம் மாறுவது. இரண்டாவது, பிராங்பர்ட்டில் ஒரு முறையும் மட்ரிட்டில் ஒரு முறையும் மாறுவது. மூன்றாவது, லாஸ் ஏஞ்சலிஸில் மாறுவது. மூன்றில் மிக மலிவானது பிராங்பர்ட், மட்ரிட் வழி. வித்தியாசம் எவருக்கும் ஆசை தூண்டக்கூடிய அளவில் இருந்தது.

லாஸ் ஏஞ்சலிஸ் வழியைத் தீர்ப்பது எளிது. அமெரிக்க விமான நிலையங்களில், வெளிநாட்டிலிருந்து வந்து வெளிநாட்டுக்குப் போகும் பயணி குடிவரவுச் சோதனைக்கு இப்பாலேயே இருந்துவிட்டுப் போகும் ஏற்பாடு கிடையாது. விசா இல்லாமல் விமானம் மாறிச் செல்லச் சிலருக்கு இருந்த சலுகையும் 2003 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. எனவே முதல் கேள்விக்கான பதில் அங்கே எப்போதும் "ஆம்" தான். சி-1 என்னும் டிரான்சிட் விசாவோ, செல்லுபடியாகும் சுற்றுலா, வணிக விசாவோ வேண்டும். விசா விலக்குள்ள நாட்டுக் குடிமக்களும் இணையவழி முன் அனுமதி பெற்றாக வேண்டும். நண்பரிடம் விசா இருந்ததால் அந்த வழி அவருக்குத் திறந்திருந்தது. அதுதான் மூன்றிலும் விலை அதிகமானது என்பது வேறு விஷயம்.

கனடாவும் இப்படித்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் சிறு வேறுபாடு உண்டு. கனடாவுக்கு விசா தேவைப்படும் நாட்டினர் அங்கே விமானம் மாறிச் செல்ல வேண்டுமானால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் பொதுவாக டிரான்சிட் விசா வேண்டும். 48 மணி நேரத்துக்குள் கடந்து செல்பவர்களுக்கு அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லை என்பது விண்ணப்பமே தேவையில்லை என்பதாகச் சிலர் காதில் விழுந்துவிடுகிறது. விண்ணப்பித்து, ஒப்புதல் பெற்று, அதற்கான நாட்களையும் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

ஐரோப்பிய வழிகள் இரண்டும்தான் நின்று பார்க்க வேண்டியவை. தங்களுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் ஒப்பந்தத்தில் இப்போது 29 நாடுகள் இருக்கின்றன. விமானப் பயணத்தைப் பொறுத்தவரை அந்த 29 நாடுகளும் சேர்ந்து ஒரே நாடு என்று வைத்துக்கொள்வது புரிதலுக்கு உதவும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐஸ்லாந்தும் அதற்குள் இருக்கின்றன. ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்து அதற்குள் இல்லை. சிங்கப்பூரிலிருந்து ஆம்ஸ்டர்டாமில் இறங்கி அங்கிருந்தே லிமாவுக்கு விமானம் ஏறுகிறவர் இந்த ஒரே நாட்டின் வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறார். இறங்கும் வாயிலும் ஏறும் வாயிலும் ஷெங்கனுக்கு வெளியிலிருந்து வரும் விமானங்களுக்கான பகுதியிலேயே இருக்கும். ஆம்ஸ்டர்டாமில் ஒரே டெர்மினல்தான் என்பதால் அவர் பாதுகாப்புச் சோதனைக்குப் பின் நடந்தே அடுத்த வாயிலுக்குப் போய்விடலாம். வழியில் குடிவரவு அதிகாரி யாரும் குறுக்கிட மாட்டார். முதல் கேள்விக்குப் பதில் "இல்லை".

பிராங்பர்ட், மட்ரிட் வழியில் நடப்பதே வேறு. சிங்கப்பூரிலிருந்து வரும் விமானம் பிராங்பர்ட்டில் இறங்கும்போது அவர் இன்னும் வாசலுக்கு வெளியில்தான் இருக்கிறார். ஆனால் பிராங்பர்ட்டிலிருந்து மட்ரிட்டுக்குப் போகும் விமானம், ஷெங்கன் சட்டத்தின் கண்ணில் உள்நாட்டு விமானம். அதில் ஏறும் வாயில் ஷெங்கன் பகுதிக்குள் இருக்கிறது. அங்கே போவதற்குப் பிராங்பர்ட்டிலேயே குடிவரவுச் சோதனையைக் கடந்து நுழைவு முத்திரையோ அதற்கு இணையான பதிவோ பெற வேண்டும். மட்ரிட்டில் அவர் வந்து சேரும்போது யாரும் கடவுச்சீட்டைப் பார்க்க மாட்டார்கள், ஏனென்றால் அவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். அங்கே லிமா விமானம் ஏற வேண்டுமானால் ஷெங்கனை விட்டு வெளியேறும் சோதனையைக் கடக்க வேண்டும். நீண்ட தூர விமானங்கள் பல புறப்படும் டி4எஸ் என்னும் துணைக் கட்டடத்துக்கு நிலத்தடி ரயிலில் போகும் பயணிகள் அந்தச் சோதனையைக் கடந்துதான் வாயிலை அடைகிறார்கள். ஆக, நண்பர் பிராங்பர்ட்டில் ஷெங்கனுக்குள் நுழைந்து மட்ரிட்டில் வெளியேறுகிறார். நடுவில் ஊருக்குள் ஒரு நிமிடம்கூடப் போகவில்லை என்றாலும் அது முழுமையான நுழைவுதான். அதற்கு வேண்டியது, சுற்றுலாப் பயணிகள் வாங்கும் அதே குறுகிய கால ஷெங்கன் விசா, அதாவது சி வகை.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது நண்பரால் உடனே ஏற்க முடியவில்லை. "நான் ஏயார்போட்டுக்கு வெளியால போகப் போறதில்லையே அண்ணா" என்றார். இந்த ஆட்சேபம் நியாயமானது. ஏறக்குறைய எல்லோருமே இதைத்தான் சொல்கிறார்கள். நாம் எல்லை என்று நினைப்பது, விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவையும் அதற்கு வெளியே நிற்கும் டாக்சி வரிசையையும். சட்டம் எல்லை என்று கொள்வது கட்டடத்துக்குள்ளேயே இருக்கும் அந்த அதிகாரியின் மேசையை. மேசைக்கு அப்பாலும் கடைகளும் நாற்காலிகளும் வாயில்களும் இருப்பதால் பயணிக்கு எதுவும் மாறியதாகத் தெரிவதில்லை. ஆனால் அந்த இடத்திலிருந்து அவர் ஜெர்மனிக்குள் இருக்கிறார்.

இனி இரண்டாவது கேள்வி. ஆம்ஸ்டர்டாமில் சோதனையைக் கடக்க வேண்டியதில்லை என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. விமான நிலையத்தின் பன்னாட்டுப் பகுதிக்குள் இருப்பதற்கே சில நாட்டினரிடம் ஷெங்கன் நாடுகள் ஏ வகை விசா கேட்கின்றன. 2009இல் வந்த ஷெங்கன் விசாச் சட்டத்தின் நான்காம் இணைப்பில் அந்த நாடுகளின் பட்டியல் இருக்கிறது: ஆப்கானிஸ்தான், வங்காளதேசம், காங்கோ ஜனநாயகக் குடியரசு, எரித்திரியா, எத்தியோப்பியா, கானா, ஈரான், ஈராக், நைஜீரியா, பாகிஸ்தான், சோமாலியா, இலங்கை. இந்த நாடுகளின் குடிமக்களுக்கு எல்லா ஷெங்கன் விமான நிலையங்களிலும் இந்த விதி பொருந்தும். இதற்கு மேல், ஒவ்வொரு உறுப்பு நாடும் தன் விமான நிலையங்களுக்கு மட்டும் வேறு நாட்டினரையும் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்ததை நீக்கவும் செய்யலாம். ஒரே கடவுச்சீட்டுக்கு ஒரு ஷெங்கன் விமான நிலையத்தில் ஏ விசா தேவைப்படுவதும் இன்னொன்றில் தேவைப்படாததும் இதனால்தான். போன வருடம் போய் வந்த ஒருவரின் அனுபவத்தை நம்பிச் சீட்டு எடுக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கும் இதுவே காரணம். அவருடைய அனுபவம் பொய்யல்ல. அது அன்றைய தேதிக்கும் அந்த ஒரு விமான நிலையத்துக்கும் மட்டுமே உரியது.

இலங்கை பட்டியலில் இருப்பதால் நண்பருக்கு ஆம்ஸ்டர்டாமில் ஏ விசா தேவை என்பதே பொது விதி. ஆனால் அதே சட்டத்தில் விலக்குகள் இருக்கின்றன. ஷெங்கன் விசாவோ உறுப்பு நாட்டின் வதிவிட அனுமதியோ வைத்திருப்பவர்களுக்கு ஏ விசா வேண்டாம். அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகிய நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்திருப்பவர்கள் அந்த நாட்டுக்கோ, ஷெங்கனுக்கு வெளியே உள்ள வேறெந்த நாட்டுக்கோ போகும்போதும் வேண்டாம். நண்பரிடம் அமெரிக்க விசா இருந்ததால், பெருவுக்குப் போகும் வழியில் ஆம்ஸ்டர்டாமில் விமானம் மாற அவருக்கு ஏ விசா தேவைப்படவில்லை.

இந்த விலக்கு மூன்று இடங்களில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. முதலில், இது ஏ விசாவிலிருந்து மட்டுமே விலக்கு. அமெரிக்க விசாவைக் காட்டி பிராங்பர்ட்டில் குடிவரவு மேசையைக் கடக்க முடியாது. எனவே மலிவான அந்த இரண்டாவது வழிக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை. அதேபோல, ஏ விசாவையே கையில் வைத்திருந்தாலும் பிராங்பர்ட்டிலிருந்து மட்ரிட்டுக்குப் போக முடியாது, ஏனென்றால் அந்த விசா பன்னாட்டுப் பகுதியைத் தாண்ட அனுமதிப்பதில்லை. இரண்டாவதாக, விசா செல்லுபடியாகும் நிலையில் இருக்க வேண்டும் என்பது திரும்பும் பயணத்துக்கும் பொருந்தும். நண்பர் திரும்பி வருவது அமெரிக்காவிலிருந்து அல்ல, பெருவிலிருந்து; ஆகவே, பயன்படுத்திய விசாவோடு அதை வழங்கிய நாட்டிலிருந்து திரும்புகிறவர்களுக்கு உள்ள சலுகை அவருக்குப் பொருந்தாது. திரும்பும் வழியில் ஆம்ஸ்டர்டாமில் இறங்கும் தேதியிலும் அமெரிக்க விசா உயிரோடு இருந்தாக வேண்டும். நாங்கள் முதலில் சரிபார்த்தது அந்தக் காலாவதித் தேதியைத்தான். மூன்றாவதாக, விசா என்று சட்டம் சொல்லும் இடத்தில் எல்லா நாட்டு விசாக்களும் அடங்குவதில்லை; மேலே சொன்ன நாடுகளைப் போன்று சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுபவை மட்டுமே அடங்கும். வளைகுடா நாடொன்றின் வதிவிட அட்டை வைத்திருப்பவர்கள் அதுவே போதும் என்று கருதுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த விலக்கில் அது இல்லை.

இதையெல்லாம் ஒவ்வொரு முறையும் சட்டப் பிரதியை எடுத்துப் படிக்க வேண்டியதில்லை. விமான நிறுவனங்கள் செக்-இன் மேசையில் பார்க்கும் தரவுத்தளம் ஒன்று உண்டு. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் பராமரிக்கும் அதன் பெயர் Timatic. உங்களை ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் ஊழியர் பார்க்கும் அதே விதிகளை, பல விமான நிறுவனங்களின் இணையதளங்களில் உள்ள பயண ஆவணப் பக்கங்கள் வழியாக நீங்களும் பார்க்கலாம். அங்கே குடியுரிமை, கடவுச்சீட்டின் வகை, வதியும் நாடு, கையில் உள்ள விசாக்கள், புறப்படும் இடம், சேரும் இடம், இடையில் நிற்கும் இடங்கள், தேதிகள் என்று வரிசையாகக் கேட்பார்கள்.

இடையில் நிற்கும் இடங்களை நிரப்பும்போதுதான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. இரண்டு இடங்கள் இருக்கும்போது ஒன்றை மட்டும் கொடுத்துப் பார்ப்பதும், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டு இரண்டு முறை பார்ப்பதும் தவறான விடையைத் தரும். அமெரிக்க விசாவோடு பிராங்பர்ட்டை மட்டும் போட்டால் விசா வேண்டாம் என்று வரும். மட்ரிட்டை மட்டும் போட்டாலும் அப்படியே வரும். இரண்டு விடைகளும் தனித்தனியே சரியானவை, சேர்ந்து வரும்போது தவறானவை. பயணத்தில் வரும் அதே வரிசையில், அதே தேதிகளோடு, இரண்டையும் ஒன்றாகக் கொடுக்க வேண்டும். விடையில் TWOV என்ற எழுத்துகள் வந்தால், விசா இல்லாமல் கடந்து செல்லும் சலுகையைப் பற்றிய பகுதி அது. அந்த வரியோடு நிறுத்திவிடாமல் அதன் கீழே உள்ள நிபந்தனைகளையும் படிக்க வேண்டும்: இத்தனை மணி நேரத்துக்குள், உறுதி செய்யப்பட்ட தொடர் பயணச்சீட்டோடு, பன்னாட்டுப் பகுதியை விட்டு வெளியேறாமல், அடுத்த நாட்டுக்கான ஆவணங்களோடு என்று அவை நீளும். இந்த நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் மேலே உள்ள சலுகை உங்களுக்கு இல்லை. அதன் பிறகும் சந்தேகம் இருந்தால் அந்த நாட்டின் தூதரக இணையதளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். இரண்டும் முரண்பட்டால் விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்பேன், ஏனென்றால் வாயிலில் நிற்கும் ஊழியர் பின்பற்றப் போவது அவருடைய திரையைத்தான்.

அந்த ஊழியர் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார் என்பதற்கும் காரணம் உண்டு. உரிய ஆவணம் இல்லாத பயணியை ஏற்றி வந்தால் அவரைத் திருப்பி அழைத்துச் செல்லும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழுகிறது. அதற்கு மேல் அபராதமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டு உத்தரவு, ஒரு பயணிக்கான அபராதத்தின் கீழ் வரம்பு 3,000 யூரோவுக்குக் குறையாமலோ மேல் வரம்பு 5,000 யூரோவுக்குக் குறையாமலோ இருக்கும்படி உறுப்பு நாடுகளுக்குச் சொல்கிறது. எனவே கெஞ்சுவதாலோ வாதிடுவதாலோ அங்கே எதுவும் நடக்காது. ஏற்ற மறுக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும் ஐரோப்பிய விதியும், ஆவணம் போதாமல் மறுக்கப்பட்டவரைத் தன் வரையறைக்கு வெளியிலேயே வைத்திருக்கிறது. சீட்டுப் பணம் திரும்பக் கிடைப்பது அந்தக் கட்டணத்தின் நிபந்தனையைப் பொறுத்தது. மலிவான கட்டணங்களின் நிபந்தனைகள் எப்படி இருக்கும் என்பது தெரிந்ததே.

இரண்டு நாள் கழித்து நண்பர் இன்னொரு படம் அனுப்பினார். இந்த முறை ஆம்ஸ்டர்டாம் மட்டும்தான். ஆனாலும் விலை முன்பு பார்த்ததைவிடக் குறைவு. கூர்ந்து பார்த்தபோது இரண்டு விமானங்களுக்கும் நடுவில் சிறிய எழுத்தில் Self-transfer என்று இருந்தது. சிங்கப்பூரிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வரை ஒரு சீட்டு, அங்கிருந்து லிமாவுக்கு வேறொரு நிறுவனத்தின் வேறொரு சீட்டு. தேடல் தளம் இரண்டையும் ஒட்டி ஒரே பயணமாகக் காட்டியிருந்தது. ஒரே விமான நிலையம், ஒரே பயணி, ஒரே அமெரிக்க விசா. ஆனால் முதல் கேள்விக்கான பதில் மாறிவிடுகிறது.

காரணம் பயணப்பெட்டி. ஒரே சீட்டில் போகும்போது சிங்கப்பூரில் ஒட்டும் பட்டையில் கடைசியாக லிமாவின் LIM என்ற எழுத்துகள் இருக்கும். பெட்டி தானாகவே அடுத்த விமானத்துக்குப் போய்விடும். தனித்தனிச் சீட்டுகளில், இரண்டு நிறுவனங்களுக்கும் இடையில் ஒப்பந்தமும், ஊழியருக்கு அதைச் செய்ய அனுமதியும் இருந்தாலொழிய, பட்டையில் AMS என்றுதான் அச்சாகும். பெட்டி வந்து விழும் இடம் குடிவரவு மேசைக்கு அப்பால் இருக்கிறது. அதை எடுக்க நெதர்லாந்துக்குள் நுழைய வேண்டும், மறுபடியும் செக்-இன் செய்ய வேண்டும். இதற்குச் சி வகை விசா இல்லாமல் முடியாது.

கைப்பெட்டி மட்டும் எடுத்துப் போனால் என்ன என்று அவர் கேட்டார். நல்ல கேள்விதான். இரண்டாவது விமானத்தின் போர்டிங் பாஸை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிட்டால் மேசையைக் கடக்காமலேயே அடுத்த வாயிலுக்குப் போய்விடலாம் என்பது உண்மை. ஆனால் தடை ஆம்ஸ்டர்டாமில் அல்ல, சிங்கப்பூரிலேயே வருகிறது. முதல் நிறுவனத்தின் திரையில் இவருடைய பயணம் ஆம்ஸ்டர்டாமோடு முடிகிறது. அந்தத் திரையைப் பொறுத்தவரை இவர் நெதர்லாந்துக்குப் போகிற பயணி. அவருக்கு ஷெங்கன் விசா இருக்கிறதா என்றுதான் ஊழியர் பார்ப்பார். லிமாவுக்கான இரண்டாவது சீட்டைக் காட்டினால் ஏற்றுக்கொள்ளும் ஊழியரும் இருக்கிறார், மேலதிகாரியைக் கேட்கச் சொல்பவரும் இருக்கிறார், ஏற்காதவரும் இருக்கிறார். பல நீண்ட தூர விமானங்களில் விசாவை நேரில் பார்த்த பிறகே போர்டிங் பாஸ் தருவார்கள் என்பதால், இணையத்தில் முன்கூட்டியே எடுப்பதும் நிச்சயமில்லை. வேறு வழியே இல்லாதபோதும் இத்தகைய பயணத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் அதன் முடிவு பயணியின் கையில் இல்லை.

இரண்டு இடங்களில் சீட்டு ஒன்றா இரண்டா என்று தெரிந்துவிடும். பணம் கட்டுவதற்கு முன், பெட்டியைப் பற்றிய குறிப்பில் இடையில் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும் என்று எழுதியிருந்தால் அது தனிச் சீட்டு. கட்டிய பிறகு, ஒரே பயணத்துக்கு இரண்டு முன்பதிவுக் குறியீடுகளும் இரண்டு வெவ்வேறு மின்-சீட்டு எண்களும் வந்தால் மிகுந்த எச்சரிக்கையோடு மறுபடி பார்க்க வேண்டும். ஒரே சீட்டில் போகும்போதும் விமான நிறுவனங்களுக்கிடையே முன்பதிவுக் குறியீடு வேறுபடுவதுண்டு. ஆகவே குறியீட்டைவிட மின்-சீட்டு எண்ணையே நான் நம்புவேன்.

விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டையும் இதோடு சேர்த்துப் பார்த்துவிட வேண்டும். இறங்குவது LHR, ஏறுவது LGW என்றால், இரண்டும் லண்டன் என்று திரையில் அழகாகத் தெரிந்தாலும், ஹீத்ரோவிலிருந்து கேட்விக்குச் சாலை வழியாகவோ ரயிலிலோதான் போக முடியும். அது பிரிட்டனுக்குள் நுழைவதே. டோக்கியோவின் NRT, HND இணைப்பும் இஸ்தான்புல்லின் IST, SAW இணைப்பும் இதே வகை. இங்கே பெட்டியோ சீட்டோ எப்படி இருந்தாலும் முதல் கேள்விக்குப் பதில் ஒன்றுதான்.

விசா எடுத்துக்கொண்டே மலிவான வழியில் போனால் என்ன என்றும் நண்பர் கணக்குப் போட்டுப் பார்த்தார். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கான ஷெங்கன் விசாக் கட்டணம் 90 யூரோ. ஏ வகைக்கும் அதேதான். விண்ணப்ப மையம் தன் சேவைக்கென வாங்குவது இதற்கு மேல். விண்ணப்பம் பயணத்துக்கு 15 நாட்களுக்கு முன்பாவது போய்ச் சேர வேண்டும். பொதுவாக 15 நாட்களில் முடிவு தெரியும் என்றாலும் அது 45 நாட்கள் வரை நீளலாம். அந்த நாட்களில் கடவுச்சீட்டு பெரும்பாலும் அவர்களிடம் இருக்கும் என்பதால் வேறு பயணம் எதுவும் போக முடியாது. வெறும் விமான மாற்றத்துக்காகச் சி வகை விசா கேட்கும்போது, ஏன் அந்த வழியில் போகிறீர்கள், ஊர் திரும்புவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம், வருமானம் என்ன என்ற வழக்கமான ஆவணங்கள் எல்லாம் வேண்டும். மறுத்தால் கட்டணம் திரும்பாது, மறுப்பும் பதிவில் இருக்கும். அவருடைய பயணத்தில் மிச்சமாகும் தொகையின் பெரும்பகுதி இந்தச் செலவுகளிலேயே கரைந்துவிட்டது. ஐரோப்பாவுக்கு எப்படியும் அடுத்த மாதங்களில் போக வேண்டியிருப்பவருக்கு, பலமுறை நுழையும் விசா கிடைத்தால் கணக்கு வேறாக இருக்கலாம். அவருக்கு அப்படி எதுவும் இல்லை.

அவர் ஆம்ஸ்டர்டாம் வழியை, ஒரே சீட்டாக, போக வரவும் அதே இடத்தில் மாறும்படி எடுத்தார். போகும் வழியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். மலிவான கட்டணங்களில் போவது ஒரு நகரம் வழியாகவும் வருவது இரண்டு நகரங்கள் வழியாகவும் அமைந்திருப்பது சாதாரணம். போன இடத்திலிருந்து திரும்ப முடியாமல் நிற்பது, கிளம்பாமலே நிற்பதைவிடக் கடினமான நிலை.

சீட்டு எடுத்த பிறகும் ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். விமான நிறுவனங்கள் மாதங்களுக்கு முன்பே போட்ட கால அட்டவணையை இடையில் மாற்றுவதுண்டு. லிமாவிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கான நேரடி விமானம் அந்த நாளில் இல்லாமல் போனால், மென்பொருள் தானாகவே லிமாவிலிருந்து மட்ரிட், அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம், பிறகு சிங்கப்பூர் என்று மாற்றிவிட்டு, ஏற்றுக்கொள்ளச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பலாம். நேரம் சில மணிகள்தான் மாறியிருக்கும் என்பதால் யாரும் யோசிக்காமல் ஒப்புக்கொள்ளும் பொத்தானை அழுத்திவிடுவார்கள். அழுத்துவதற்கு முன் புதிய வழியை மறுபடியும் Timatic விதிகளோடு ஒப்பிட வேண்டும். இரண்டு ஷெங்கன் நகரங்கள் அதில் வந்தால், ஏற்காமல் விமான நிறுவனத்தை அழைத்து, இந்த வழியில் செல்ல எனக்கு விசா இல்லை, ஒரே ஒரு ஷெங்கன் நகரம் வழியாகவோ முற்றிலும் வெளியேயோ போகும் மாற்று வழி தாருங்கள் என்று கேட்க வேண்டும். மாற்றம் அவர்களால் வந்தது என்பதால் வேறு தேதிக்கோ வேறு வழிக்கோ மாற்றித் தருவதை அவர்கள் பொதுவாக மறுப்பதில்லை. ஒப்புதல் கொடுத்த பிறகு அதே கோரிக்கையை வைத்தால், அது பயணி தானாகக் கேட்கும் மாற்றமாகக் கருதப்பட்டுக் கட்டணம் கேட்கப்படலாம்.